தொட்டில் கயிற்றை இழுக்கிற பிள்ளை

உ
சங்கரன்கோவில்
12-3-83

அன்பு மகன் ராமசுப்புவுக்கு அம்மா எழுதுவது. கோமதியம்மன் தயவில் நானும் அப்பாவும் இங்கே நடமாட்டமாக இருக்கிறோம், அங்கே பம்பாயில் நீயும் மருமகளும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். நீ பதறிக்கொண்டு இருப்பாய், அதனால் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி இசக்கித்தாயின் பிள்ளை கோமதித்தாய் அவளிடமே வந்து சேர்ந்துவிட்டாள். ராயகிரிக்குக் கொடுக்கிற பேச்சு முடிந்துபோனது. தாய் தகப்பன் இரண்டு பேருக்கும் காது கேளாத வீட்டில் பிள்ளை பேச்சு படிக்காது, ராயகிரியில் மாப்பிள்ளை ஆறுமுகச்சாமியின் அண்ணன் வீட்டிலேயே வளரட்டும் என்று நீ எழுதியிருந்தாய். பாசத்தில்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லு.

இசக்கி பிள்ளை வளர்க்கிற விதத்தை நீ பார்த்ததில்லை. சேலைத் தொட்டிலின் நுனியில் ஒரு கயிறு கட்டி மறுமுனையைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டுதான் அரிசி புடைப்பாள், பூக் கட்டுவாள். பிள்ளை முழித்துக் காலை உதறினாலும் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் அவள் விரலில் சுண்டும், உடனே எழுந்துவிடுவாள். அடுப்படியில் நெருப்புப் பக்கம் கயிறு ஆகாது என்று அங்கே சுவரில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கிறாள், குழம்பைக் கிண்டிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் தொட்டிலைப் பார்த்துக்கொள்வாள். சளி பிடித்தால் பிள்ளையின் முதுகில் உள்ளங்கையை வைத்து இழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பாள், எனக்குக் காதில் கேட்பதற்கு முன்னால் அவளுக்குக் கையில் தெரிந்துவிடும். இப்போது தவழ்ந்து எழுந்து நிற்கிறதால் வாசல்படிக்குக் குறுக்கே மாப்பிள்ளை ஒரு பலகை அடித்திருக்கிறார். அவர் விசைத்தறியில் எந்த ஷிப்டு போனாலும் வீட்டில் இருக்கிற நேரம் கயிறு அவர் காலுக்கு மாறிவிடும். இராத்திரியிலும் அப்படித்தான், ஆள் மாற்றி ஆள். அவர்களால் ஆகாததற்குப் பக்கத்து வீட்டு மைமூனம்மாள் இருக்கிறாள். பிள்ளை இருமுகிற சத்தம் மாறினால் வந்து சைகையில் சொல்லிவிட்டுப் போவாள்.

மாப்பிள்ளையின் ராயகிரி மதினி மாரித்தாய்க்கு இதெல்லாம் மனசில் ஏறவே இல்லை. பிள்ளை கத்திக் கிடந்தாலும் தாய்க்குத் தெரியாதே, செத்துக் கித்துப் போனா யாரு பதில் சொல்லுதது என்று வந்தபோதெல்லாம் என்னிடம் சண்டை. தனக்குப் பிள்ளை இல்லாத ஏக்கமும் அதில் இருந்தது, நான் குறை சொல்லமாட்டேன். அவள் போய் ஒரு மனுக் கொடுத்து, சமூக நல ஆபீசிலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார்கள். இசக்கி வீட்டு வாசலில் தொங்குகிற கயிற்றை இழுத்தால் உள்ளே சிவப்புத் துணி ஆடும், தெருவில் எல்லாருக்கும் தெரியும், கீரைக்காரி கூட அதைத்தான் இழுப்பாள். அந்த அம்மாவுக்கு யார் சொன்னது. கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மைமூனம்மாளும் வீட்டில் இல்லை, கூப்பிட்டால் கேட்க ஆளில்லாத வீடு என்று முடிவு கட்டிவிட்டார்கள். விசாரணை முடிகிறவரை பிள்ளை பெரியப்பா வீட்டில் இருக்கட்டும் என்றார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை, வாய்வார்த்தைதான், ஆனாலும் ஆபீஸ் வார்த்தை என்று அப்பா பயந்துவிட்டார். மாரித்தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இசக்கி அழவில்லை, காலில் இருந்த கயிற்றை அவிழ்க்காமலே இருந்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அம்மன் சன்னதியில் போய் உட்கார்ந்தேன், என்ன வேண்டிக்கொள்ள என்றே தெரியவில்லை.

நாலைந்து நாளில் மாரித்தாயே ஓடி வந்தாள். சித்தி, பிள்ளை அழவே மாட்டேங்கு, பசிக்கும் அழல, விழுந்தாலும் அழல, வாயை மட்டும் திறக்கு, சத்தம் வரல, இதுவும் ஊமைதான் போலுக்கு என்று முகமெல்லாம் வெளிறிப்போய்ச் சொன்னாள். என் பேத்தி அழாத பிள்ளை, சமத்து என்று நானே தெருவெல்லாம் பெருமை பேசியவள்தானே. மறுநாளே எல்லாருமாகத் திருநெல்வேலிக்குப் போய்க் காது டாக்டரிடம் காட்டினோம், சமூக நல அம்மாவும் வந்தார்கள். டாக்டர் பிள்ளையை இசக்கி மடியில் வைத்து, முன்னால் ஒரு பொம்மையைக் காட்டச் சொல்லிவிட்டு, அது பார்க்காதபடி பின்னால் போய் நின்று சின்ன மணியை ஆட்டினார். வெடுக்கென்று திரும்பினாள் பார், எனக்கு உயிர் வந்தது. காகிதத்தைக் கசக்கினார், அதற்கும் திரும்பினாள். இரண்டு காதும் நன்றாகக் கேட்கிறது என்றார்.

அப்படியானால் ஏன் அழவில்லை என்று மாரித்தாய் கேட்க, டாக்டர் வீட்டு வழக்கத்தை எல்லாம் விசாரித்தார். கயிற்றைப் பற்றிச் சொன்னேன். பிறந்த புதிதில் எல்லாப் பிள்ளையும் போலச் சத்தம் போட்டுத்தான் அழுதிருக்கும், சத்தத்துக்குத் தாய் வரவில்லை, கயிறு ஆடினால் வருகிறாள் என்று கண்டுகொண்டு சத்தத்தை விட்டுவிட்டது, பிள்ளை கெட்டிக்காரி என்றார். அப்போதுதான் மாரித்தாய் சொன்னாள், தொட்டில்ல கிடந்து கையை நீட்டி நீட்டி எதையோ தேடிச்சு, கொசுவை விரட்டுதுன்னு நான் நினைச்சேன் என்று. சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் கண்டம் அதோடு போகவில்லை. காது கேட்கிற பிள்ளை என்றால் கேட்கிற வீட்டில்தானே வளரவேண்டும் என்று அந்த அம்மா திரும்ப ஆரம்பித்தார்கள். டாக்டரும் இனிமேல் கைப்பேச்சை விட்டுவிடச் சொல்லுங்கள் என்றார். நான் அதை இசக்கிக்குச் சைகையில் சொன்னேன். அவள் டாக்டர் மேசையில் கிடந்த துண்டுச்சீட்டை எடுத்து, அப்படியானால் என் பிள்ளை என்னிடம் எதில் பேசும் என்று எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு அந்த அம்மாவிடம் நீட்டினார். அந்நேரம் பிள்ளை விரல்களைக் குவித்து வாயில் வைத்தது, பால் வேண்டும் என்று. இசக்கி பிள்ளையை மடியில் சாய்த்து மாராப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். மாரித்தாய் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என் வீட்ல இதே கையைத்தான் காட்டிச்சு, நான் வாயில புண்ணான்னு பார்த்தேன், இது அவகிட்டயே இருக்கட்டும் அம்மா, என் மனுவைத் திரும்ப எடுத்துக்கிடுதேன் என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள். கைப்பேச்சும் இருக்கட்டும், வாய்ப்பேச்சுக்குத் தினம் ஆச்சி வீட்டில் கொஞ்ச நேரம் விடுங்கள், பாட்டுப் பாடுங்கள், தெருப் பிள்ளைகளோடு விளையாடட்டும் என்று டாக்டர் முடித்தார். அந்த அம்மாவும் பிள்ளை தாயிடம் இருக்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

இப்போது சாயங்காலம் நம் வீட்டில்தான் கொண்டாட்டம். சாமி படத்தைக் காட்டி மணி ஆட்டினால் ஆ ஆ என்று கூடவே சத்தம் கொடுக்கிறாள். நேற்று விழுந்து முட்டியில் அடிபட்டு, என்னைப் பார்த்ததும் வீடே இடிகிற மாதிரி கத்தினாள், நான் சந்தோஷத்தில் தூக்கக்கூட மறந்துவிட்டேன். இசக்கி வந்ததும் சத்தத்தை நிறுத்திவிட்டு அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். மாரித்தாயும் வெள்ளிக்கிழமை வந்தாள், பால், தூக்கம், வலி எல்லாவற்றுக்கும் கை எப்படி என்று இசக்கியிடம் கேட்டுப் படித்துக்கொண்டு போகிறாள்.

நீ அனுப்பிய மணியார்டர் வந்தது, கணக்கில் எழுதிவிட்டேன். வெளிச் சாப்பாட்டைக் குறை, வயிறு கெடும். வெந்தயம் ஊறவைத்துக் குடி. மருமகளுக்கும் பிள்ளைகளுக்கும் அம்மன் துணை இருப்பாள், கோவில் புற்றுமண் இதோடு மடித்து வைத்திருக்கிறேன், நெற்றியில் இட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்று மறக்காதே. இந்தப் பிள்ளையைப் பற்றி எனக்கு எழுதினாய், அப்பாவுக்கு எழுதினாய், ராயகிரிக்குக்கூட எழுதியிருக்கிறாய். இசக்கிக்கு ஒரு வரி எழுதவில்லை. அவள் பாளையங்கோட்டை காது கேளாதோர் பள்ளியில் படித்தவள், என்னைவிட அழகாக எழுதுவாள். அடுத்த இன்லாண்டு லெட்டரை அவள் பேருக்குப் போடு.

இப்படிக்கு,
உன் நல்லதையே நினைத்திருக்கும் அம்மா
முத்துமாரியம்மாள்