பட்டாசு வீடு இருக்கிறது, மாமா

தபால் மாமா,

இன்று காலை சிவப்பு மோட்டார் சைக்கிளில் வந்த தபால்காரப் பையன் கேட்டுக்கு வெளியே நின்று என் பெயரை உரக்கப் படித்தான். அடையாள அட்டையில் உள்ளபடி, தகப்பன் பெயரோடு, வீட்டு எண்ணோடு, ஓர் எழுத்து விடாமல் படித்தான். நல்ல பையன்தான். ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே நின்றேன். எத்தனை வயதானால் என்ன, முழுப் பெயரை யாராவது வாசலில் படித்தால் பின்பக்கக் கதவு எங்கே என்றுதான் இன்னும் என் கண் தேடுகிறது.

நீங்கள் ஒரு நாளும் எங்களை அப்படிக் கூப்பிட்டதில்லை. தோட்டத்து லயன் வீட்டு வரிசையின் முனையில் சைக்கிளை நிறுத்திவிட்டு, "குடை வீடு! முறுக்கு வீடு!" என்று குரல் கொடுப்பீர்கள். அந்தந்த வீட்டிலிருந்து "இருக்கோம்!" என்று பதில் வந்த பிறகுதான் பைக்குள் கை போகும். தோட்டத்துக்குக் கல்யாணமாகி வந்த முதல் நாளே தண்ணீர்க் குழாயடியில் கங்காணி மனைவியோடு நான் மல்லுக்கு நின்றேன். மறுநாளே எங்களுக்குப் பெயர் வைத்துவிட்டீர்கள்: பட்டாசு வீடு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இப்படிக் கத்துனா வேற என்ன பேருமா வைக்கறது?" என்று சிரித்தீர்கள். என் வீட்டுக்காரரும் சேர்ந்து சிரித்தார், பாவி மனிதர்.

பிறகுதான் உங்கள் கணக்கு எனக்குப் புரிந்தது. ஊரிலிருந்து கப்பலேறி வரும் கடிதத்தில் "சின்னச்சாமி, ரப்பர் தோட்டம், பெடாஸ்" என்று மட்டும் இருக்கும். எங்கள் தோட்டத்தில் சின்னச்சாமிகள் மூன்று பேர். நீங்கள் முத்திரையைப் பார்ப்பீர்கள். "துறையூரு முத்திரை. துறையூரு ஆளுன்னா முறுக்கு வீடு." முத்திரை மங்கியிருந்தால் கையெழுத்தைப் பார்ப்பீர்கள். ஒவ்வொரு ஊரிலும் கடிதம் எழுதிக் கொடுப்பவர் ஒருவரோ இருவரோதானே, அவர்கள் கையெழுத்தெல்லாம் உங்களுக்குப் பழக்கம். லயன் கதவில் தாரால் எழுதிய எண்ணை நீங்கள் ஏறிட்டும் பார்த்ததில்லை. குடும்பம் வேறு லயனுக்குக் குடிபோனால் எண் மாறும். நீங்கள் வைத்த பெயரோ சட்டி பானையோடு கூடவே போகும். குடை வீட்டுக்காரர் எந்த லயனுக்குப் போனாலும் அது குடை வீடுதான்.

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடினார், கணக்கெழுதும் பழைய கிராணியும் அவர் பின்னாலேயே ஓடினார். கேட்க ஆளில்லை என்றதும் நாங்கள் வீடுகளை மாற்றிக்கொண்டோம். கூரை ஒழுகாத வீடு, மரவள்ளி போட்ட இடத்துக்குப் பக்கத்து வீடு என்று ஆளுக்கொரு பக்கம் குடிபோனோம். எண்கள் கதவிலேயே இருந்தன, ஆட்கள்தான் மாறிப் போனார்கள். எட்டாம் எண்ணில் இருந்த நாங்கள் கடைசி வீட்டுக்கு வந்தோம், எட்டுக்கு முறுக்கு வீட்டு அக்கா வந்தார். ஊர்க் கடிதம் அடியோடு நின்றுபோயிருந்தது. டயர் கிடைக்காமல் சைக்கிள் சக்கரத்தில் ரப்பர்க் குழாயைச் சுற்றிக்கொண்டு, உள்ளூர்த் தபாலுக்காக நீங்கள் வந்துகொண்டுதான் இருந்தீர்கள்.

அந்தக் காலை வேளையை நான் மறக்கவில்லை. உங்கள் பக்கத்தில் ஆட்களை மேய்க்கும் புது மண்டோர் நடந்து வந்தான், வேறு தோட்டத்திலிருந்து கொண்டுவந்த ஆள். பின்னால் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். உங்கள் கையில் சயாமில் ரயில் பாதை போட ஆள் கூப்பிடும் தாள்கள். பழைய செக்ரோல் ஆள் பதிவேட்டைப் பார்த்து எழுதியவை. முன்னால் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

லயன் முனையில் நின்றீர்கள். எந்த வீட்டின் பெயரையும் கூப்பிடவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு பெரிய குரலில் படித்தீர்கள்:

"வீரமுத்து, தகப்பன் பேரு கருப்பண்ணன், மூணாவது லயன், நம்பர் எட்டு!"

என் வீட்டுக்காரர் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைக் கையில் வைத்திருந்தார். இந்த மனிதர் வாயில் அவருடைய முழுப் பெயர் வரலாமா? லயன் முழுக்க அதைத்தான் நினைத்திருக்கும். வழக்கமாக உங்கள் குரலுக்கு ஓடிவரும் பிள்ளைகள்கூட அசையவில்லை. "எந்திரிங்க. பின்னாடி போங்க. சி ரூசா கடற்கரையில எங்க அண்ணன் உப்புக் காய்ச்சுறாரு, அங்க போங்க," என்று அவரைத் தள்ளினேன். கிழங்கோடு ஓடினார். நீங்கள் அடுத்த பெயரைப் படிப்பதற்குள் இன்னும் எத்தனையோ பின்கதவுகள் திறந்து மூடின.

நீங்கள் நேராக எட்டாம் எண்ணுக்குப் போனீர்கள். வாழ்நாளில் முதன்முறையாகக் கதவு எண்ணைப் பார்த்துத் தபால் கொடுத்தீர்கள்! முறுக்கு வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "அப்படி ஒருத்தரும் இங்க இல்லீங்களே," என்றார். பொய்யே இல்லை. ஒவ்வொரு தாளையும் அதில் எழுதிய கதவிலேயே கொடுத்தீர்கள். ஒவ்வொரு கதவிலும் அதே பதில்.

மண்டோருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஏ கெழவா, இத்தனை வருசமா இங்க தபால் குடுக்கற. யாரு எந்த வீடுன்னு தெரியாது?"

"தெரியும்லா. குடை வீடு தெரியும், முறுக்கு வீடு தெரியும், பட்டாசு வீடு தெரியும். இந்தத் தாள்ல இருக்கற பேருல எனக்கு ஒரு வீடும் தெரியாது."

"அதுல எது வீரமுத்து வீடு?"

"எழுதியிருக்கற நம்பர்ல குடுத்துட்டேன். தபால்காரன் வேலை அவ்வளவுதான்."

சிப்பாய் அறைந்த சத்தம் கடைசி வீட்டுக்குக் கேட்டது. ஆபீஸ் முன்னால் வெயிலில், தலைக்கு மேல் கல்லைத் தூக்கிக்கொண்டு நிற்க வைத்தார்கள். கை இறங்கும்போதெல்லாம் அடி. ஒரு வீட்டைக் காட்டினால் போதும், கல்லை இறக்கிவிடலாம் என்றான் மண்டோர். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. ஓடிப்போய் அந்த மண்டோர் முகத்தில் துப்ப வேண்டும் என்று எனக்கு வெறி. முறுக்கு வீட்டு அக்கா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "நீ போனா நீதான் வீட்டைக் காட்டிக் குடுக்கற ஆளு. நில்லு." நின்றேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டு நின்றது அன்று மட்டும்தான்.

மறுநாள் லாரி வந்தது. வீடுகளில் ஆண்கள் இல்லை. ஆளில்லாமல் திரும்ப மனமில்லாமல் உங்களை ஏற்றினார்கள், அந்த வயதில். லாரி லயன் ஓரமாக மெதுவாகப் போனது. வீங்கிய முகத்தோடு எழுந்து நின்று, பழையபடி குரல் கொடுத்தீர்கள்.

"குடை வீடு!"

 அந்த வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து, "இருக்கோம்!" என்றாள்.

"முறுக்கு வீடு!"

"இருக்கோம்!"

சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் இடித்தான். நீங்கள் நிறுத்தவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் கத்திய கத்தலில் லாரிச் சத்தமே அடங்கிப்போனது. நீங்கள் சிரித்தீர்கள் மாமா, நான் பார்த்தேன். நீங்கள் திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரர் வந்தார், பேரன் பேத்தி எடுத்து, கட்டிலில் படுத்து, என் திட்டை வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். சயாமில் மண்ணுக்குள் போக இருந்த மனிதர்.

உங்களுக்காக நான் அழுவேன் என்று நினைக்காதீர்கள். அழுதால் அது அந்த மண்டோருக்குக் கிடைத்த வெற்றி.

இன்று அந்தப் பையன் போகவில்லை, மறுபடி என் முழுப் பெயரைப் படித்தான். கதவைத் திறந்து வெளியே போனேன். "தம்பி, அந்தப் பேருல இங்க யாரும் இல்ல. பட்டாசு வீடுன்னு கூப்பிடு, வரேன்," என்றேன். கிழவிக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பான். இருந்தாலும் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டே கூப்பிட்டான்.

இந்த வீட்டில் இப்போது நான் ஒருத்திதான். ஆனாலும் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும் அளவுக்கு உரக்கச் சொன்னேன்:

"இருக்கோம்!"