ஒரே பெயரில் இரண்டு வீடு

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

பத்தாம் வகுப்பு திருப்புதல் தேர்வுத் தாள்களில் பாதி முடிந்தது. மனைவி ஷைனி சுரங்கத்திலிருந்து வந்ததும் ஹெல்மெட்டைக்கூட வைக்காமல் ஃபோனை நீட்டினாள். பதவி உயர்வு. சுரங்கத் திட்டப் பிரிவில் இனி அவள் மேலாளர். ஆனால் இங்கே இல்லை, ஒடிசா சுரங்கத்தில்.

பத்து நாளுக்குள் சம்மதம் தர வேண்டும். மறுத்தால் ஓராண்டுக்குப் பட்டியலில் பெயர் வராது. அவளுக்குப் பின் சேர்ந்த நான்கு பேர் தாண்டிப் போய்விடுவார்கள்.

"ரொம்ப சந்தோஷம்" என்றேன். சந்தோஷம்தான். அதற்கப்புறம் திருத்திய தாள்களில் கூட்டல் பிழை. இயற்பியல் வாத்தியாருக்கு இது அழகா?

13 பிப்ரவரி

எட்டு வருஷத்துக்கு முன் திருச்சியில் எனக்குக் கல்லூரி வேலை கிடைத்தது. அவளுக்கு இங்கே பர்மனன்ட், குவார்ட்டர்ஸும் அவள் பெயரில். யோசித்து நான்தான் விட்டேன். "அடுத்தது உங்க முறைங்க" என்றாள் அன்றைக்கு.

அடுத்தது வந்துவிட்டது. மே மாதம் எங்கள் தலைமையாசிரியர் ஓய்வு பெறுகிறார். பணிமூப்பில் அடுத்தவன் நான். நீண்ட விடுப்பில் போனால் எனக்கு அடுத்த சண்முகப்பிரியா டீச்சருக்குப் போகும். உதவி பெறும் பள்ளி என்பதால் வேறு ஊருக்கு மாற்றல் கேட்கவும் வழியில்லை. போவதென்றால் சம்பளமில்லா விடுப்பு, அதுவும் எத்தனை வருஷம் தருவார்கள்? இல்லை ராஜினாமா.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேனா? அவளுக்கே தெரியும் என்று சொல்லவில்லை.

16 பிப்ரவரி, ஞாயிறு

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைகுட்டி இல்லையே, ஸ்கூல் மாத்தற தொல்லை இல்லை, உங்களுக்கு என்ன கஷ்டம் என்றார்கள். வாயைத் திறந்தால் வம்பு. சிரித்துவிட்டு வந்தேன். ஷைனி வண்டியில் பின்னால் தள்ளி உட்கார்ந்து வந்தாள்.

18 பிப்ரவரி

காலையில் தோசை வார்த்துக்கொண்டே கேட்டாள்: "நான் என்ன எழுதட்டும்?"

"உன் இஷ்டம்" என்றேன்.

பெருந்தன்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் தலைவாரப் போனாள். தட்டில் இருந்தது ஒரே தோசை.

21 பிப்ரவரி

சம்மதம் அனுப்பிவிட்டாள். மார்ச் 14 இங்கிருந்து விடுவிப்பு.

27 பிப்ரவரி

எஸ்டேட் அலுவலகத்தில் விசாரித்தேன். ஊழியர் மாற்றலானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். குடும்பம் இங்கேயே இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் கல்வியாண்டு முடிய ஜூன் 30 வரை வைத்துக்கொள்ளலாம், அப்புறம் ஓராண்டு நீட்டிப்பு கேட்கலாம். விண்ணப்பம் அவள்தான் போட வேண்டும். இந்த வீட்டில் நான் 'சார்ந்திருப்பவர்'. நாற்பத்து மூன்று வயதில் சார்ந்திருக்கிறேன்.

பாரத்தை நானே நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டு நீட்டினேன். அவளுக்கு அலைச்சல் மிச்சம் என்றுதான். ரொம்ப நேரம் கையில் வைத்திருந்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

15 மார்ச்

சென்னை சென்ட்ரலில் ரயில் ஏற்றிவிட்டு விருத்தாசலம் வழியாகத் திரும்பினேன். இரண்டு பெட்டி, ஒரு பிரஷர் குக்கர். குக்கர் எதற்கு, விடுதி அறைதானே தருகிறார்கள் என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

20 ஏப்ரல், ஈஸ்டர்

தனியாகப் போனேன். தனியாக வந்தேன். பிரியாணி வாங்கினேன், ஒரு ஆள் பொட்டலம்.

9 மே

விடுமுறை. எங்கள் குடியிருப்பு வட்டம் முழுக்கப் பலாப்பழ வாசனை. மொட்டைமாடியில் அனல் மின்நிலையச் சாம்பல் தூசியைக் கூட்டிவிட்டு வந்தேன், மாலைக்குள் மறுபடி படிந்துவிட்டது. காலை ஷிஃப்டுக்குச் சங்கு ஊதினால் எழுந்து இரண்டு டம்ளர் எடுக்கிறேன். ஒன்றைத் திரும்ப வைக்கிறேன்.

ஃபோனில் தினமும் பேசுகிறோம். சாப்பிட்டாயா, வெயில் எப்படி, மழை வருமா. வானிலை அறிக்கை வாசிப்பவர்கள்கூட இன்னும் கொஞ்சம் உருக்கமாகப் பேசுவார்கள்.

2 ஜூன், திங்கள்

தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றேன். கல்வித்துறை ஒப்புதல் பின்னால் வரும். தகுதிகாண் பருவம் ஓராண்டு, அதுவரை நீண்ட விடுப்பு கிடையாது. சண்முகப்பிரியா டீச்சர்தான் முதலில் கைதட்டினார். ஷைனிக்குப் படம் அனுப்பினேன். 'நாற்காலி நல்லா இருக்கு' என்று பதில் போட்டாள்.

19 ஜூன், வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

நீட்டிப்பு கேட்க எஸ்டேட் அலுவலகம் போனேன். அங்கே எழுத்தர் கலியமூர்த்தி. என் பழைய மாணவனின் அப்பா. கோப்பைப் புரட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "மேடம் மொதல்ல அங்க குடும்ப வூடு கேட்டிருந்தாங்களே சார். சம்மதம் குடுத்த அன்னிக்கே. ஒதுக்கியும் குட்த்துட்டாங்க. அப்புறம் நீங்க இந்த வூட்ட வெச்சிக்கினு இருக்கறதா பாரம் வந்துச்சி. ஒரே பேர்ல ரெண்டு வூடு தர மாட்டாங்க. அங்க கேன்சல் பண்ணிட்டு ரூம் குட்த்துட்டாங்க."

சம்மதம் கொடுத்த அன்றைக்கே. இருபத்தொன்றாம் தேதி. நான் பாரம் நீட்டியது இருபத்தேழு.

வேப்பமரத்தடியில் நின்றே ஃபோன் செய்தேன். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன் — ரோட்டில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க வர்றதா இருந்தா அந்தப் பாரத்த ஏங்க கொண்டாந்தீங்க? அதான் பதில்னு எடுத்துக்கிட்டேன்."

"வாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஷைனி."

"கேட்டா வந்திருப்பீங்க. உங்க முறையையும் நானே எடுத்துக்கிட்டதா ஆயிருக்கும்."

வந்திருப்பேனா? வந்திருப்பேன். முணுமுணுத்துக்கொண்டாவது வந்திருப்பேன். இந்தப் பாவிக்கு அது இப்போதுதானே தெரிகிறது.

20 ஜூன்

இந்த வீட்டை ஒப்படைத்தால் அங்கே மறுபடி விண்ணப்பிக்கலாம். குடும்ப வீட்டுக்குக் காத்திருப்போர் முப்பத்தொரு பேர். என் தகுதிகாண் அடுத்த ஜூன் வரை. எப்படிக் கணக்குப் போட்டாலும் ஒரு வருஷம் போய்விட்டது.

30 ஜூன்

நீட்டிப்பு கேட்கவில்லை. சாவியை ஒப்படைத்தேன். மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு ஒரு அறை. ஷைனி இன்று அங்கே விண்ணப்பம் போட்டாள். முப்பத்து நான்காவது பெயர்.

17 ஆகஸ்ட்

காய்ச்சல். யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம் மட்டும் சொன்னேன். பழைய நானாக இருந்தால் அதையும் மறைத்திருப்பேன்.

29 செப்டம்பர், திங்கள்

காலாண்டு விடுமுறை. ஒடிசா வந்து சேர்ந்தேன். பெண்கள் விடுதி என்பதால் அவள் அறையில் தங்க முடியாது. பக்கத்து விருந்தினர் இல்லம். பதிவேட்டில் பெயர், ஊர், யாரைப் பார்க்க வந்தவர். உறவு எழுத இடமில்லை. மூன்று இரவுதான் அனுமதி. கல்யாணமாகிப் பதினாறு வருஷம், விருந்தாளியாகக் கையெழுத்துப் போட்டேன்.

1 அக்டோபர், புதன்

வேலை முடிந்து வந்து காட்டினாள், அவள் வரைந்த சுரங்கத் திட்டப் படத்தை. அடுத்த பத்து வருஷத்துக்கு எந்தப் பக்கம் தோண்டுவது என்று. அவள் கண்ணில் இப்படி வெளிச்சம் பார்த்து நாளாயிற்று. இந்த வேலை அவளுக்கு வர வேண்டியதுதான். மனசாரச் சொன்னேன். அழுதாள்.

2 அக்டோபர், வியாழன்

இன்று கிளம்ப வேண்டும். பையைக் கட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நாளை புறப்பட்டாலும் ஞாயிறு ஊர் போய்விடலாம், திங்கள்தான் பள்ளி. "போக மனசே இல்ல" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே கூச்சம்.

ஷைனி செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். வரவேற்பறைக் கண்ணாடிக்கு அப்பால் விருந்தினர் இல்லப் பொறுப்பாளரிடம் இந்தியில் நீளமாகப் பேசினாள். அவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

"என்ன சொன்னே?"

"அவருக்குப் போக மனசில்ல, எனக்கும் அனுப்ப மனசில்லன்னு சொன்னேன்."

ஓர் இரவு கூட்டிக் கொடுத்திருக்கிறார்கள். காத்திருப்போர் பட்டியலில் இருபத்தெட்டாவது பெயர் இப்போது அவளுடையது.