பத்திரமாகக் காணாமல் போன மெயில்

மச்சான்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து கிளம்பி அங்கே வந்து சேருகிற யாராவது உன்னிடம் போட்டுக்கொடுப்பதற்குள் நானே சொல்லிவிடுவது மரியாதை. எங்கள் வீட்டுக் குளியலறைக்கு இப்போது ப்ரவுசிங் சென்டர் கதவுதான் போட்டிருக்கிறேன்.

ஜோகுபாளையத்தில் இம்ரான் பாய் சென்டரை மூடிவிட்டு மொபைல் ரீசார்ஜ் கடை ஆக்கிவிட்டார். பிளைவுட் தடுப்புகளைப் பெயர்த்துத் தெருவில் அடுக்கியிருந்தார். எங்கள் பழைய கதவு அடியில் உளுத்துப்போய், உள்ளே குளிப்பவரின் கால் எந்த வீட்டுக் கால் என்று தெருவே அடையாளம் சொல்லுகிற நிலைமை. ஒரு கதவைக் கேட்டு வாங்கித் தூக்கிவந்து மாட்டினேன். அதில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் மட்டும் உரிய மாட்டேன் என்கிறது. ஆபாசப் படம் பார்க்கக் கூடாது, நேரம் முடிந்தால் தானாக எழுந்துவிட வேண்டும் என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கிறது. சம்பந்தி வந்தார், கதவை நின்று படித்தார், குளிக்காமலே ஊருக்குப் போய்விட்டார்.

நான் பெயிண்டர். ஒரு கோட் அடித்தால் ஸ்டிக்கர் மறைந்துவிடும். அடிக்கவில்லை. வெந்நீர் ஊற்றும்போது ஆவி பட்டு அந்தப் பிளைவுட்டிலிருந்து ஒரு வாசனை கிளம்புகிறது. ஏசி ஈரமும் பாய் அடிக்கிற மல்லிகை ஸ்பிரேயும் கலந்த வாசனை. அது வந்ததும் சோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிடுகிறேன். வெளியே என் பெண்டாட்டி, "டைம் முடிஞ்சுது, எழுந்து வாய்யா" என்று கத்துகிறாள். அவளுக்கு நான் எந்த வியாழக்கிழமையில் நிற்கிறேன் என்று தெரியாது. உனக்குத் தெரியும்.

உன் பெண் மாலா கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட்டு வாங்கிய அன்று நீ நம் மர்பி டவுன் முழுக்க மைசூர்பாகு கொடுத்தாய். "பாப்பா, கம்ப்யூட்டர் படிச்சு மாமா தலையில முடி முளைக்க வைப்பியா?" என்று கேட்டேன். "மாமா, அது கம்ப்யூட்டரால ஆகாது, சாமிகிட்ட கேளுங்க" என்றாள். சீட்டுக் கிடைத்தது சரி, கட்டணம்? கல்விக் கடன் கேட்டுப் பேங்குக்குப் போனோம். ஜாமீனுக்கு நிலம் உண்டா என்றார்கள். நமக்கு இருந்த நிலமெல்லாம் உன் வீட்டு வாசல் துளசித் தொட்டியில் இருந்தது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஏழைப் பிள்ளைகளுக்கு நாலு வருஷமும் படிப்புச் செலவு கொடுக்கிற ஒரு டிரஸ்ட். கோடை விடுமுறையிலேயே மாலா மனுப் போட்டிருந்தாள். மார்க் பார்த்துப் பெயர்களைப் பிரித்தெடுத்து, நேரில் கூப்பிட்டுப் பேசி, பிறகுதான் கொடுப்பார்கள். அந்த வருஷத்திலிருந்து தபாலில் எதுவும் வராது, எல்லாம் மெயிலில்தான் என்று விண்ணப்பத்திலேயே போட்டிருந்தது. அதனால் மெயில் முகவரி வேண்டும் என்று பாய் கடையில் உட்கார்ந்து அவளே ஒன்று திறந்தாள். நீ பின்னால் நின்று எட்டிப் பார்த்துச் சொன்னாய்: "முக்கியமானதை வெளிய போட்டு வைக்காத பாப்பா. தனியா வை, பத்திரமா வை."

அது உன் வீட்டு வழக்கம். உன் கூரை எங்கே ஒழுகும் என்று மழைக்கே தெரியாது. வாடகைப் பத்திரம், மார்க் கார்டு, சாதிச் சான்றிதழ் எல்லாம் பிளாஸ்டிக் கவரில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளி, அதற்கு முன்னால் அரிசி மூட்டையை வைப்பாய். திருடன் வந்தால் சமைத்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் தேட முடியும் என்று நான் கேலி செய்வேன்.

அந்தப் பிள்ளை மெயிலிலும் அப்படியே ஒரு பெட்டி செய்தாள். உதவித்தொகை என்று இங்கிலீஷில் பேர் வைத்து ஒரு தனி ஃபோல்டர். தலைப்பில் அந்த வார்த்தை வருகிற மெயில் எதுவானாலும் தானாகவே அதற்குள் போகும்படி ஒரு கட்டளையும் போட்டாள். விளம்பரக் குப்பைக்குள் அது புதைந்துவிடக் கூடாதே என்ற பயம். முதல் சில வாரம் அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தாள். வெளிநாட்டுப் படிப்பு விளம்பரங்கள்தான் வந்து விழுந்திருந்தன. பிறகு பரீட்சை முடிவு, நுழைவுத் தேர்வு, கவுன்சிலிங் என்று அலைந்ததில் அந்தப் பெட்டி இருப்பதே மறந்துபோயிற்று. பாய் கடையில் பக்கம் திறப்பதற்குள் டீ ஆறிவிடும், நேரத்துக்குக் காசு. வந்ததும் இன்பாக்ஸைப் பார்ப்பாள். புதிதாக ஒன்றும் இல்லை என்று இருக்கும். எழுந்து வந்துவிடுவாள். வாசலில் நிற்கிற உன்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள்.

அந்த வியாழக்கிழமை மழை. நம் இரண்டு பேருக்கும் பெயிண்ட் வேலை இல்லை. அவளோடு நீயும் நானும் போனோம். இன்பாக்ஸில் அன்று ஒரு மெயில் வந்திருந்தது. இடம் நிரம்பப்போகிறது, பழையதை அழிக்கவும் என்று மெயில் கம்பெனிக்காரனே அனுப்பியிருந்தான். மாலா சிரித்தாள். "இருக்கிறதே நாலு மெயில், எப்படி ரொம்பும்?"

இம்ரான் பாய் குனிந்து பார்த்தார். "இங்க இல்லம்மா. வேற எங்கயோ கனம் சேந்திருக்கு. பக்கத்துல ஃபோல்டர்னு இருக்கு பாரு, அத்த தட்டு."

தட்டினாள். ஒரே ஒரு பெயர் இருந்தது. அதன் பக்கத்தில், படிக்காதவை எத்தனை என்று ஒரு பெரிய எண். பக்கம் மெதுவாகத் திறந்தது. மேலிருந்து வரிவரியாக வந்தது. விளம்பரம், விளம்பரம், அப்புறம் டிரஸ்டின் பெயர். கொஞ்சம் கீழே இன்னொரு தரம் டிரஸ்டின் பெயர்.

கீழே இருந்தது அழைப்பு. திங்கட்கிழமை காலை நேர்காணல், அசல் மார்க் கார்டும் வருமானச் சான்றிதழும் கொண்டுவர வேண்டும், வருவதாக இருந்தால் பதில் போட வேண்டும். மேலே இருந்தது நினைவூட்டல். உங்களிடமிருந்து பதில் வரவில்லை, தயவுசெய்து உறுதி செய்யவும். இரண்டையும் மாலா சத்தமாகப் படித்தாள். படித்து முடித்ததும் திரையின் மூலையில் இருந்த தேதியைப் பார்த்தாள். திங்கட்கிழமை போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

"என்னா பாப்பா, எப்ப கூப்டறாங்க?" என்று நீ கேட்டாய். உனக்கு இங்கிலீஷ் புரியாததால் உன் முகத்தில் இன்னும் சந்தோஷம் இருந்தது. அதைத்தான் மச்சான் என்னால் மறக்க முடியவில்லை. உலகத்திலேயே கடைசியாகச் சந்தோஷமாக இருந்த ஆள் மாதிரி நின்றாய்.

பாய் காசு வாங்கவில்லை. ஆட்டோ பிடித்து அன்றே டிரஸ்ட் ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த மேடம் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். நீ கையைக் கட்டிக்கொண்டு கன்னடத்தில் கெஞ்சினாய். "ஒந்து சல நோடி மேடம்", ஒரே ஒரு தடவை பாருங்கள் என்று. அவர் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னார். அனுப்பிய மெயில் திரும்பி வந்தால் முகவரி தப்பு என்று தெரிந்து வேறு வழியில் தேடுவார்களாம். இது திரும்பி வரவில்லை. ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதனால் விருப்பமில்லை போலிருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை மதியம் வரைக்கும் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்து, வரவில்லை என்று குறித்துவிட்டு, காத்திருப்புப் பட்டியலில் அடுத்ததாக இருந்த பிள்ளையை உள்ளே அழைத்தார்கள். நேர்காணல் செய்த பெரியவர்கள் வெளியூர்க்காரர்கள், போய்விட்டார்கள். பட்டியல் தலைமை ஆபீசுக்குப் போயாயிற்று. அந்தப் பிள்ளைக்கும் போன் போட்டுச் சொல்லியாயிற்று.

"அந்தப் பிள்ளையோட அப்பா என்ன வேலை மேடம்?" என்று கேட்டாய்.

"வாட்ச்மேன்," என்றார்.

நீ கட்டிய கையை அவிழ்த்தாய். "வாடா போலாம். அதுவும் யாரோ பெத்த புள்ளதான்." அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் வாசல் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், மேடம் கூப்பிடுவாரோ என்று.

வீட்டுக்கு வந்தும் நமக்கு விஷயம் மண்டையில் ஏறவில்லை. வந்த மெயில் எப்படி வராத மாதிரி இருந்தது? மாலாதான் என் காலி பெயிண்ட் டப்பாக்களை வைத்து விளக்கினாள். "மாமா, இது இன்பாக்ஸ். இது நான் செஞ்ச ஃபோல்டர். நடுவுல ஒரு ஆள நிக்க வெச்சேன். இந்த வார்த்தை வந்தா இதுல போடாத, அதுல போடுன்னு. அவன் போட்டுட்டே இருந்தான். போட்டேன்னு வந்து சொல்ல மாட்டான், அவ்வளவுதான்." அழாமல் சொன்னாள். வாத்தியார் மாதிரி சொன்னாள்.

நீ அந்த இரண்டு டப்பாவுக்கும் நடுவில் இருந்த வெறுந்தரையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு சொன்னாய்: "அந்த ஆளு நான்தாண்டா."

எனக்கு எதற்கும் ஒரு கேலி வரும். சாவு வீட்டில்கூட வந்து, அடி வாங்கியிருக்கிறேன். அன்று கேலியை விட்டுவிட்டு இரண்டு டப்பாவையும் எடுத்து மூலையில் வைத்தேன்.

கல்லூரியில் சேரக் கடைசி நாள் அடுத்த வாரமே வந்தது, போனது. சீட்டு வேறு யாருக்கோ போயிற்று. மாலா ஹெப்பகோடியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர்ந்தாள். விடியுமுன்னே கம்பெனி பஸ். நீ பஸ் வரைக்கும் கூடப் போய்விட்டு வந்து, பிரஷ்ஷைத் தின்னரில் ஊற வைத்துவிட்டு அதை மறந்து உட்கார்ந்திருப்பாய். மறு வருஷம் மனுப் போடலாமா என்று கேட்டோம். அந்தந்த வருஷம் பள்ளி முடித்தவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். அவளை நீ ஒரு நாளும் திட்டவில்லை. அவளும் உன் வார்த்தையை உனக்கு ஒரு நாளும் நினைவுபடுத்தவில்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அப்படிக் காப்பாற்றிக் காப்பாற்றியே பேச்சு நின்றுபோயிற்று. நீ போனது நெஞ்சுவலியில் என்று டாக்டர் எழுதினார். நான் எழுதியிருந்தால் வேறு எழுதியிருப்பேன். நாலாம் வகுப்புக்காரன் கையில் அந்தப் பேனாவை யார் கொடுப்பார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை மாலா வந்திருந்தாள். இன்னும் அதே லைனில்தான். ஓடுகிற பெல்ட்டில் வருகிற சர்க்யூட் பலகைகளில் எது பழுது என்று பார்த்து எடுத்து வைக்கிற வேலை. ஒன்றையும் தவற விட மாட்டாள் என்று சூப்பர்வைசரே சொல்வாராம். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் எழுதுவதைப் பார்த்தாள்.

"அப்பாவுக்கா மாமா?"

"ஆமா."

"என்னைப் பத்தி ஒண்ணும் எழுதாதீங்க."

"உன் அப்பன் படிக்கவா போறான்? தமிழ்லயே என் எழுத்து யாருக்கும் புரியாது."

அதற்குக் கொஞ்சம் சிரித்தாள். பிறகு, "புரியாதுன்னா எழுதுங்க" என்றாள்.

உன்னிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது ஒரு பயம்தான் மச்சான். எதையும் பத்திரமாக வைக்கப் பயம். பூட்டினால் உடனே திறந்து பார்க்கிறேன். ரசீது, சீட்டு, காகிதம், எல்லாம் எங்கள் வீட்டில் கண்ணெதிரே வெளியில்தான் கிடக்கும். பெண்டாட்டி கத்தினாலும் எடுத்து உள்ளே வைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை ரேஷன் கார்டை வாசற்படி மேல் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ஆடு தின்றுவிட்டது. புதுக் கார்டுக்கு மனு எழுதிக்கொண்டு போனேன். காரணம் என்ற இடத்தில் ஆடு என்று எழுதியிருந்தேன். ஆபீசர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதற்குச் சாட்சி கொண்டுவரச் சொன்னார். அட்டையின் ஒரு மூலை மட்டும் மிஞ்சியிருந்தது, கடை நம்பரோடு. அதைக் காட்டினேன். வாங்கி ஃபைலுக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.