பாஸ்கலை யார் முதலில் கலாய்ப்பது

இயேசு மரி சூசை துணை

காலடிப்பேட்டை,
அக்டோபர் 3

அன்புள்ள அய்யாத்துரை அண்ணனுக்கு,

ரேச்சல் எழுதிக்கொள்வது. அண்ணி சாரா, பிள்ளைகள் எல்லோரும் ஊரில் சௌக்கியம் என்று கேள்விப்பட்டேன். மஸ்கட்டில் உங்களுக்கு உடம்பு எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். தொண்டைப் புற்றுக்காக உங்கள் சிநேகிதருக்குக் குரல்வளையை எடுத்ததிலிருந்து என் போன்தான் அவருக்கு வாய். தண்ணீர் வேண்டுமென்றாலும், தலையணையைத் திருப்பி வைக்கச் சொல்வதென்றாலும் அதில் தட்டித்தான் காட்டுகிறார். அவருடைய பழைய போன் உடைந்து, இப்போது இருவர் கணக்கும் இதே போனில்தான். நான் எதை எழுதினாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். உங்கள் கேரம் கூட்டாளி தமீமின் தம்பி இந்த வாரம் மஸ்கட் வருவதாகச் சொன்னார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன்.

வருகிற பதினெட்டாம் தேதி அவருக்குப் பிறந்தநாள். அதைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

நம் கேரம் வாட்ஸ்அப் குரூப்பில் பிறந்தநாள் என்றால் என்ன நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அவர்தான் முதல் ஆள். ஐந்தரை மணிக்கே எழுந்து, பிறந்தநாள்காரரை நாலு வரியில் ஓட்டி எடுத்துவிட்டுத்தான் துறைமுகத்துக்குக் கிளம்புவார். மற்றவர்கள் அதன்மேல் சேர்ந்துகொள்வார்கள். இத்தனை வருஷத்தில் அவர் கலாய்த்து யாரும் முகம் சுளித்ததில்லை.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த வாரம் மாரியப்பன் அண்ணன் குரூப்பில் ஒன்று போட்டார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "வெல்கம் பேக் பாஸ்கல். இனிமே ஏரியா அமைதியா இருக்கும்" என்று, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை. அவர் கெட்ட எண்ணத்தில் போடவில்லை. பழையபடி பேச நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் எங்கள் ஜெனியும் அந்தக் குரூப்பில் இருக்கிறாள். மற்றவர்களில் பலரும் படித்தார்கள், ஒருவர்கூடப் பதில் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் மாரியப்பன் அண்ணனே அழித்துவிட்டார். அழித்ததும் இன்னும் மோசமாகிவிட்டது. மெசேஜ் அழிக்கப்பட்டது என்று ஒரு வரி அங்கேயே கிடந்தது. படிக்காதவர்களும் என்ன என்ன என்று கேட்கத் தொடங்கினார்கள். ஜெனி அன்றே குரூப்பைவிட்டு வெளியேறினாள். அப்பாவிடம் காரணம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அதன்பிறகு எல்லோரும் பயந்துபோனார்கள். இப்போது குரூப்பில் அவருக்கு வருவதெல்லாம் கும்பிடுகிற கை, மெழுகுவத்தி, அந்தோணியார் படம். "ஆண்டவர் பலம் தருவாராக அண்ணா" என்று, அவரை வாடா போடா என்று கூப்பிட்டவர்களே எழுதுகிறார்கள். போன வாரம் ஒருநாள் அவர் அதையெல்லாம் மேலிருந்து கீழே வரை தள்ளிப் பார்த்துவிட்டு, எனக்கு ஒரு வரி தட்டிக் காட்டினார்.

"பொட்டில வச்சி மூடிட்டானுங்க ரேச்சலு. மண்ணு மட்டும்தான் பாக்கி."

அதற்குப் பிறகு அவர் குரூப்பைத் திறக்கவில்லை.

அண்ணா, பதினெட்டாம் தேதியும் மெழுகுவத்தி வந்தால் அவர் தாங்கமாட்டார். ஒன்றுமே வராவிட்டாலும் தாங்கமாட்டார். யாராவது ஒருவர் பழையபடி அவரைக் கலாய்க்க வேண்டும். முதல் ஆள் எந்த ராகத்தில் தொடங்குகிறாரோ, அதில்தான் மற்றவர்களும் பாடுவார்கள். அந்த முதல் ஆள் நீங்களாக இருக்க வேண்டும். உங்களைத் தவிர வேறு யார் சொன்னாலும் அவருக்கு அது இரக்கமாகத்தான் தெரியும்.

எதை வைத்து என்று நான் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம். இருந்தாலும் சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள். சாப்பாடு வேண்டாம். வயிற்றில் வைத்த குழாய் வழியாகத்தான் இப்போது கஞ்சி போகிறது. பாட்டு, குரல், கழுத்து, மெலிந்த உடம்பு, இவை எதுவும் வேண்டாம். கிரேன் வேலையையும் தொடாதீர்கள், அது இனி அவருக்கு இல்லை. வயது ஏறுகிறது என்கிற பேச்சும் வேண்டாம். முன்பு செய்துகொண்டிருந்து இப்போது முடியாமல் போனதை எடுத்தால் வலிக்கும். இப்போதும் செய்கிற கிறுக்குத்தனமாக இருக்க வேண்டும், அவரே பெருமைப்பட்டுக்கொள்கிற ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது.

எண்ணூர்ப் பக்கம் புகைபோக்கியைப் பார்த்து மழை சொல்வாரே, அதை இன்னும் விடவில்லை. கைத்தாங்கலாக மாடிக்கு அழைத்துப் போகச் சொல்லி, புகை எந்தப் பக்கம் சாய்கிறதென்று பார்த்துவிட்டு, வரும் வராது என்று கையை ஆட்டுவார். இப்போதும் தப்பாகத்தான் சொல்கிறார்.

உங்களுக்கு இஷ்டமில்லையென்றால் விட்டுவிடுங்கள். நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

உங்கள் தங்கை,
ரேச்சல்

*

காலடிப்பேட்டை,
அக்டோபர் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

பத்து நாளாக எழுத வேண்டும் என்று நினைத்து இன்றைக்குத்தான் முடிந்தது. அவர் அசந்து தூங்குகிறார். இதைக் கூரியரில் போடுகிறேன், நாலு நாளில் வந்து சேரும் என்கிறார்கள்.

நீங்கள் செய்தது எனக்குத் தோன்றவே இல்லை. எது வலிக்கும், எது வலிக்காது என்று நானாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் அவரையே கேட்டுவிட்டீர்கள். பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னால் அவருக்குத் தனியாக வந்ததே, "ஏல, இந்த வருசம் ஒன்ன ஓட்டலாமா, வேண்டாமா? வேண்டாம்னா சாதாரணமா வாழ்த்து போடுதேன். எதத் தொடக்கூடாதுன்னு நீயே சொல்லிரு" என்று. அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் போனை மடியிலேயே வைத்திருந்தார். பிறகு தட்டிய பதிலை அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டினார்.

"ஓட்டு மாமு. தொண்டய மட்டும் நீங்கோ தொடாதீங்கோ. அது என் ஐட்டம். தோணும்போது நானே எட்துக்குவேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுக்களைக்குப் போய்விட்டேன்.

பதினெட்டாம் தேதி காலையில் காய்ச்சல் இருந்தது. கழுத்தில் மூச்சுக்கு வைத்த துளையைச் சுத்தம் செய்து, ஈரத்துணியை மாற்றிக் கட்டி உட்கார வைத்தபோது போன் கிணுகிணுத்தது. அவர் எடுக்கவில்லை. மெழுகுவத்தி என்று நினைத்திருப்பார். நான்தான் திறந்து கையில் கொடுத்தேன். நீங்கள் எழுதியது எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

"காலடிப்பேட்டை வானிலை நிலையத்துக்கு இன்னைக்கு பொறந்தநாள். தொடங்குன நாள்லேந்து ஒரு தடவகூட சரியாச் சொல்லாத ஒரே நிலையம். அத நம்பி மொட்டமாடில மூணு மூட்ட மொளகாயக் காயப்போட்டான் ஒரு கூமுட்ட. அன்னைக்குப் பேஞ்ச மழையில திருவொற்றியூர் தெருவெல்லாம் ரசமா ஓடிச்சு. அந்தக் கூமுட்ட இப்ப மஸ்கட்ல இருக்கான், இங்க மழையே கெடையாதுங்கிற தைரியத்துல. ஏல பாஸ்கலு, இன்னைக்கு மழை உண்டா? நீ என்ன சொன்னாலும் நேர்மாறா எடுத்துக்கிடுதேன். நல்லா இருல."

பாதியில் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. மூச்சுத் திணறுகிறதோ என்று ஓடிப்போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், அண்ணா. இப்போது சத்தம் வராது. துளை வழியாகக் காற்று மட்டும் புஸ் புஸ் என்று வரும். சிரித்துச் சிரித்துச் சளி ஏறி, உறிஞ்சி எடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்போதும் ஒரு கையால் பதில் தட்டினார்.

"இங்க இன்னிக்கி, மஸ்கட்ல நாளிக்கி கனமழ மாமு. மொளகாவ எட்து உள்ள வை."

அதற்குப் பிறகுதான் குரூப்புக்கே உயிர் வந்தது. தமீம், "தப்பிச்சேன், இன்னிக்கி கொடை எடுத்துக்கினு போவ தேவல்ல" என்று போட்டார். மாரியப்பன் அண்ணன் வருவாரோ மாட்டாரோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுதுகிறார் என்று காட்டும், நின்றுவிடும், மறுபடி காட்டும். கடைசியில், "கேரம்ல செவப்புக் காய சுண்டு வெரல்ல தள்ளிட்டு காத்து மேல பழி போட்ற ஒரே ஆளு எங்க தோஸ்து. நேத்தும் என்னாண்ட அப்டிதான் கெலிச்சான். வாழ்த்து நைனா" என்று போட்டார். முந்தின நாள் மாலை அவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வாசலில் கொஞ்சநேரம் நின்று, உள்ளே வந்து, பழைய பேச்சு எதையும் எடுக்காமல் கேரம் பலகையை எடுத்துப் போட்டார். நீங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவைத்ததைத் தமீம் பிறகுதான் சொன்னார். ஆளுக்கு ஒன்றுதான், குவிக்கக் கூடாது. படம் வேண்டாம். தொண்டையைப் பற்றி அவன் சொன்னால் சிரியுங்கள், நீங்கள் அதன்மேல் ஏறாதீர்கள் என்றீர்களாமே.

அது நடக்கவும் நடந்தது. யாரோ, "நிலையத்தார் நாலு வார்த்த பேசணும்" என்று பழக்கதோஷத்தில் போட்டுவிட்டார். இவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"ஸ்பீக்கர் பூட்ச்சி. அறிக்க எழுத்துலதான் வரும்."

சிரிக்கிற பொம்மைகள் மட்டும் வந்தன. ஒருவரும் ஒரு சொல் கூட்டவில்லை.

பிறகு ஜெனியை மறுபடி சேர்க்கச் சொன்னார். அவள் கல்லூரியில் இருந்தாள். உள்ளே வந்து எல்லாவற்றையும் படித்திருப்பாள் போல. மதியம் அவளிடமிருந்து ஒரே வரி. "அப்பா, துணி காயப்போட்டுட்டேன். எடுக்கணுமா?" அதற்கு இவர் என்ன பதில் போட்டார் என்று என்னிடம் காட்டவில்லை. மாலையில் அவள் வந்ததும் நேரே போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் கழுத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டே பேசிக்கொண்டிருந்தவள் அவள். அன்றைக்குக் கழுத்துத் துணியை மாற்றும்போது தானாகவே கையை நீட்டி, "நான் கட்றேன்மா" என்றாள்.

அந்த ஒருநாள் அப்படிப் போனது. அதைத்தான் உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் துணியில் ரத்தம் கண்டது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா தங்கமானவர். வெகுநேரம் உட்கார்ந்து பேசினார். வலிக்கு மருந்து எழுதிக் கொடுத்தார், இரவில் கூடுதலாகக் கொடுக்கலாம் என்றார். கதிர்வீச்சுக் கரண்ட் வைக்க மறுபடி எப்போது வரவேண்டும் என்று கேட்டேன். வீட்டிலேயே வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒவ்வொரு தடவையும் சீட்டில் அடுத்த தேதி எழுதுவார். இந்தத் தடவை எழுதவில்லை. நானும் நினைவூட்டவில்லை. ஜெனிக்கு இன்னும் சொல்லவில்லை. அவருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இப்போதெல்லாம் அதிகம் தட்டுவதில்லை, விரல் சோர்ந்துவிடுகிறது. நேற்று என்னைக் கூப்பிட்டு, "அய்யாத்துர எப்போ வர்றான்?" என்று காட்டினார். கிறிஸ்துமஸுக்கு லீவு போட்டிருக்கிறார் என்றேன். சுவரில் இருக்கிற காலண்டரைப் பார்த்தார். பிறகு போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார்.

லீவை முன்னால் மாற்றித் தருவார்களா என்று உங்கள் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், அண்ணா. நவம்பர் என்றால் நல்லது. நவம்பர் தொடக்கம் என்றால் இன்னும் நல்லது. வந்தால் பெட்டியை வீட்டில் வைத்துவிட்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம், நேரே இங்கே வாருங்கள். ஆளைப் பார்த்தால் உங்களுக்குத் திக்கென்றுதான் இருக்கும். முகத்தில் காட்டாதீர்கள். வாசலிலேயே அவரைத் திட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடுங்கள். அழுவதாக இருந்தால் என்னிடம் அழலாம், அடுக்களையில் இடம் இருக்கிறது.

ஆண்டவர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். சீக்கிரம் சேர்க்கட்டும்.

உங்கள் தங்கை,
ரேச்சல்