எச்சரிக்கை இல்லாத நாளில் அடித்த மணி

நவம்பர் 21, வெள்ளி

அடுத்த வெள்ளியோடு எங்கள் சமுதாய வானொலி ஸ்டேஷன் மூடல். கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், மாடியில் இருக்கும் கோபுரமும் இறங்க வேண்டும். வேறு இடத்தில் நிறுத்தலாமே என்றால், உரிமத்தில் எழுதியிருப்பது இந்த இடம்தானாம். இடம் மாறினால் டெல்லி வரை புதிதாக அனுமதி வாங்க வேண்டும். ஸ்டேஷனை நடத்தும் டிரஸ்ட்டுக்கு அந்தத் தெம்பு இல்லை. செயலாளர் யசோதரா மேடம் இதைச் சொல்லிவிட்டு, "கடைசி புல்லட்டின் நீதான் படிக்கணும் உமைமா" என்றார். பெரிய மரியாதை மாதிரி.

வேலை போகிறதே என்று அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசிதான் வந்தது.

நவம்பர் 24, திங்கள்

எண்ணூர்க் குப்பத்துக்குப் போனேன், மூடப் போகிறோம் என்று நேரில் சொல்ல. திருவொற்றியூர் மாடியில் இருக்கும் ஐம்பது வாட் டிரான்ஸ்மிட்டர் அதுவரைதான் தெளிவாக எட்டும். அதற்கு அப்பால் கரகரப்புதான்.

சுயம்பு அண்ணன் வலை சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி முத்தம்மா அக்காவிடம், "தினம் சாயங்காலம் நாலரைக்கு நான் படிக்கிறது எல்லாருக்கும் புரியுதா அக்கா?" என்று ஆசையாகக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நீ இன்னா படிக்கிறன்னு எவன்மே கேக்குறான்? ஐஸ் ஒடைக்கிற சத்தம், இஞ்சின் சத்தம். மணி அடிச்சா போட்டு எறங்காது. அடிக்கலன்னா எறங்கும். அவ்ளோதான்."

ஏழு வருஷம். காற்று வேகம், அலை உயரம், திசை, எல்லாம் உச்சரிப்பு சுத்தமாக. போகட்டும்.

மணி எங்கள் ஏற்பாடுதான். கரைச் சத்தத்தில் குரல் எடுபடாது என்று ஆரம்பத்திலேயே எங்கள் டெக்னீஷியன் பிராங்கிளின் கண்டுபிடித்தார். அன்று ராத்திரி கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை இருந்தால் மட்டும் பாட்டை நிறுத்தி, பித்தளை மணியை மூன்று முறை அடித்துவிட்டுப் படிப்போம். இல்லாவிட்டால் மணி கிடையாது.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. சனிக்கிழமையிலிருந்து என்றைக்குமே மணி அடிக்காது. அப்படியென்றால்? அவர்கள் கணக்குப்படி என்றைக்குமே கடல் நல்ல கடல்.



நவம்பர் 25

தூக்கமில்லை. மீன்வளத் துறையிலிருந்து சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் வருமே என்கிறார் என் வீட்டுக்காரர் அமான். முத்தம்மா அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அதுல நூறு வருது. பழசு எது, புதுசு எது, யாரு கண்டா? சொம்மா சொம்மா பயங்காட்டுவானுங்க. நீ அடிச்சா நெசம்."

நம்பிக்கையாம். இதற்கு அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

நவம்பர் 26, புதன்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. வானிலை மையத்தின் அறிக்கையைப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வட தமிழகக் கரைக்கு ஒன்றுமில்லை. சனி மாலையிலிருந்து பலத்த காற்று.

அதாவது, நாங்கள் மூடின மறுநாள். யா அல்லாஹ், ஒரு நாள் முன்னாடி வந்தா என்ன கெட்டுப்போச்சு?

கடைசி நாள் வாயால் சொல்லிவிடலாம், மணி இல்லை என்பதால் கடல் நல்லது என்று நினைக்காதீர்கள் என்று. ஆனால் வாயால் சொல்வதைக் கேட்கிறவர் யார்? மணி அடித்தால்தான் காது திரும்பும். மணி அடித்தால் போகக் கூடாது என்று அர்த்தம். போகலாம் என்கிற நாளில் எப்படி அடிப்பேன்? சுற்றிச் சுற்றி அதே இடத்துக்குத்தான் வருகிறேன்.

நவம்பர் 27

மணி அடித்துக் கூப்பிட்டு இதைச் சொல்லட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன். முடியாது என்றார். "எச்சரிக்கை இல்லாத அன்னிக்கு மணி அடிச்சு பீதி கிளப்பினாங்கன்னு யாராவது புகார் குடுத்தா? உரிமத்தைத் திருப்பிக் குடுக்குற நேரத்துல வம்பு எதுக்கு?" அவர் சொல்வதும் தப்பில்லை. சொந்தச் செய்தி படிக்க எங்களுக்கு அனுமதியே கிடையாது. வானிலை, மின்தடை, குடிநீர் மாதிரி அறிவிப்புகள்தான். அதிலும் வானிலை அறிக்கையை வந்தது வந்தபடி படிக்க வேண்டும், கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது.

நன்றி உரை ஒன்று எழுதிக் கொடுத்தார். இரண்டு பக்கம். அதில் கடல் என்ற வார்த்தையே இல்லை.

நவம்பர் 28, வெள்ளி

நடந்ததை இன்றைக்கே எழுதிவிட வேண்டும். 

நாலரைக்கு முன்பே ஸ்டூடியோவில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிக்ஸர் முன்னால் பிராங்கிளின். பின்னால் மேடம், டிரஸ்ட் ஆட்கள், எனக்குப் போர்த்த ஒரு சால்வையோடு. மணிக்குத் தனி மைக் உண்டு. அதைப் பிராங்கிளினுக்குக் காட்டினேன். அவர் மேடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த மைக்கின் ஒலியைக் கூட்டும் ஃபேடரை மேலே தள்ளினார். பாட்டு இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அடித்தேன். மூன்று முறை.

மேடம் எழுந்தது தெரிந்தது. நான் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வட தமிழகக் கடலோரப் பகுதிகளுக்கு இன்று எச்சரிக்கை ஏதுமில்லை. நாளை மாலை முதல் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று வீசக்கூடும். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்." வழக்கப்படி இரண்டு தடவை. அறிக்கை முடிந்தது என்று சொல்லி நிறுத்தினேன். அப்புறம் என் பேச்சு:

"மணி கேட்டு பயந்துட்டீங்களா? இன்னிக்கு ராத்திரி போலாம். உங்களைக் கூப்பிடத்தான் அடிச்சேன். நாளையிலிருந்து இந்த ரேடியோ இருக்காது. மணி அடிக்கலன்னா கடல் நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லை. விசாரிச்சுட்டுப் போங்க. என்கிட்ட கேளுங்க." என் நம்பரைச் சொன்னேன். அதற்குப் பிறகு மின்தடை, தண்ணீர் லாரி, மேடத்தின் இரண்டு பக்க நன்றி. அலைவரிசையைச் சொல்லி விடைபெற்றேன்.

பிராங்கிளின் ஒலியை இறக்கினார். எங்கள் ஒலிபரப்பைக் கேட்க வைத்திருக்கும் மேஜை ரேடியோ அமைதியானது. ஒலி இல்லாத வானொலி அலை மட்டும் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் டிரான்ஸ்மிட்டர் பக்கம் போய் வாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து அணைத்தார். உடனே ரேடியோவில் சர்ரென்று இரைச்சல். டிரான்ஸ்மிட்டரின் விசிறி மட்டும் சூடு ஆறும்வரை சுற்றியது. மேடம் என்னைத் தாண்டிப் போனார். சால்வை பிராங்கிளினுக்குப் போனது.

போன் அடித்தது. சுயம்பு அண்ணன்.

"இன்னாமே, வெளயாடறியா? மணி அடிச்சதும் ஐஸ் வேணாம்னு வண்டிய திருப்பிட்டேன். அப்பால போலாங்குற! பாதி பேரு வூட்டுக்குப் பூட்டானுங்க. ஒரு நாள் பொழப்பு பூட்ச்சு!"

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன். அவர் வைத்துவிட்டார்.

நல்லது செய்தேனா, கெடுத்தேனா? நெசம்னு நம்பின ஒரு மணியையும் பொய்யாக்கிட்டேனோ?

நவம்பர் 29, சனி

காலையெல்லாம் கடல் தட்டு மாதிரி கிடந்தது. போகாதவர்கள் என்னைச் சபித்திருப்பார்கள்.

மதியத்துக்கு மேல் வடக்கே கறுத்தது. நாலரை ஆகும்போது கை தன்னால் வானிலை மையப் பக்கத்தைத் திறந்தது. எச்சரிக்கை அமலில். சுயம்பு அண்ணனுக்குப் போட்டேன். பிஸி. மறுபடி. பிஸி. மறுபடி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நம்ம நம்பரத் தடுத்து வெச்சிட்டாரா? அமான் போனைப் பிடுங்கி மேஜைமேல் வைத்தார். "கொஞ்சம் சும்மா விடு."

வைத்ததுமே அடித்தது.

"யாராண்டமே பேசிகினு கீற? எம்மா நேரமா போடுறேன், பிஸி பிஸின்னுது!"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"ஸ்பீக்கர்ல போட்டுகீறேன். எல்லாரும் நிக்கிறானுங்க. படி."

படித்தேன். யாரோ இருமினார்கள், எங்கோ இஞ்சின் உறுமியது. "டேய், இஞ்சின நிறுத்துடா, ஒண்ணும் கேக்கல!" என்று கத்தினார். நின்றது. ஏழு வருஷத்தில் நான் படிப்பதை ஒரு கரை முழுக்க நின்று கேட்டது இதுதான் முதல் தடவை.

"அந்த காத்து வேகத்த இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன்.

நவம்பர் 30, ஞாயிறு

இரவெல்லாம் காற்று. எதிர் வீட்டுத் தகரக் கூரை பறந்தது. விடிந்ததும் முத்தம்மா அக்கா போன். போட்டெல்லாம் மேட்டில் ஏற்றிக் கட்டியாயிற்றாம், ஒருவரும் போகவில்லையாம். மழை இரைச்சலில் அவர் குரல் பாதிதான் கேட்டது.

"சாய்ங்காலம் எத்தினி மணிக்கு படிப்ப?"

நாலரைக்கு என்றேன்.