என் பெயருக்கு வந்த இரங்கல்

பெப்ரவரி 11, செவ்வாய்

சந்தையில் முருங்கைக்காய் விலையைக் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். வாசலில் தபால்காரர் நின்றார். ரஷ்ய முத்திரை குத்திய உறை.

மகன் மிதுஷன் சண்டையில் இறந்துவிட்டான் என்று போன மாதம் வெளிநாட்டமைச்சு மூலம் ஒரு வரி வந்தது. மனைவி சரோஜா அதை நம்பவில்லை. பிரான்சுக்கு அனுப்புகிறேன் என்று ஏஜென்சிக்காரன் கூட்டிப்போன பிள்ளை ரஷ்யப் பட்டாளத்தில் எப்படிச் சாவான் என்று கேட்டாள். நியாயமான கேள்வி.

பெப்ரவரி 13, வியாழன்

ஷரீப் வந்தார். துறைமுகத்தில் என்னோடு வேலை பார்த்தவர். மொஸ்கோவில் எஞ்சினியரிங் படித்தவர். கடிதத்தைத் தமிழில் சொல்லச் சொன்னேன்.

"மதிப்புக்குரிய நமசிவாயம்! உங்கள் மகன் சிப்பாய் நமசிவாயம் போர்க் கடமையில் வீரமரணம் அடைந்தார் என்பதை ஆழ்ந்த துயரத்துடன் அறிவிக்கிறேன். சிப்பாய் நமசிவாயம் துணிச்சலானவர். நமசிவாயத்தைத் தோழர்கள் மறக்கமாட்டார்கள்..."

அவன் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என் பெயர். அவ்வளவுதான். என் இரங்கல் கடிதத்தை நானே உட்கார்ந்து கேட்டேன். நான் துணிச்சலானவனாம்! நாற்பது வருடம் எந்த மேலதிகாரியும் சொல்லாதது.

"உடனே உயிர் போச்சு, வேதனைப்படல்ல எண்டு கடிதத்துல இக்கிதே," என்றேன் ஷரீப்பின் பேச்சுப் பாணியிலேயே. அவர் சிரிக்கவில்லை.

"அத எல்லாருக்கும் எழுதுவாங்க. அங்க ஒரு மாதிரிக் கடிதம் இக்கும். கிளாக் பேரையும் திகதியையும் போட்டுக் குடுப்பான், கொமாண்டர் சைன் வைப்பார். இங்க பாருங்க, 'கணவர்' எண்டு அடிச்சத வெட்டிட்டுப் பேனையால 'மகன்' எண்டு எழுதீக்கி."

எந்த இடம், எப்படி, உடல் எங்கே - ஒன்றும் இல்லை. ஒரு பதக்கத்துக்குச் சிபாரிசு செய்திருக்கிறார்களாம். கீழே நீல மையில் கையெழுத்து, படையணியின் இலக்கம்.

பெப்ரவரி 16, ஞாயிறு

சரோஜா இரண்டு நாளாக ஒரே கதை. "நமசிவாயம் நீங்கள். நீங்கள் என்ர முன்னால இருந்து தேத்தண்ணி குடிக்கிறியள். இது வேற ஆற்றையோ பிள்ளை."

"வேற எந்த நமசிவாயம் வெள்ளவத்தையில இருந்து ரஷ்யாவுக்குப் போனவன்?"

"கிளாக்குக்குப் பேர் மாறினா ஆளும் மாறியிருக்கும்."

படத்துக்கு மாலை போட விடமாட்டாள். கிரியை செய்ய விடமாட்டாள். அவனுடைய போனுக்கு மாதாமாதம் ரீலோட் போடச் சொல்கிறாள். நானும் போடுகிறேன். நம்பித்தான் போடுகிறேனா? தெரியாது.

பெப்ரவரி 20

ஷரீப்பைக் கொண்டு கொமாண்டருக்கு எழுதினேன். பதக்கம் வேண்டாம். எங்கே பட்டது? ஏதாவது சொன்னானா? பிள்ளை எங்கே கிடக்கிறான்? அவன் பெயர் மிதுஷன்.

ஏப்ரல் 14

வருடப் பிறப்பு. அவனுக்கென்று எடுத்த சேர்ட்டை அலுமாரியில் வைத்தாள்.

மே 30

பதில் இல்லை. செத்தவனுக்கே பெயர் இல்லை, எனக்குப் பதிலா?

ஜூன் 24, செவ்வாய்

வந்தது. இந்த முறை முழுவதும் கையால் எழுதியது. சரோஜாவையும் பக்கத்தில் இருத்தி ஷரீப் வாசித்தார்.

முதல் கடிதத்தில் கையெழுத்து வைத்தவர் இப்போது இல்லையாம். இவர் புதியவர். மகனைத் தெரியாது, மன்னியுங்கள் என்கிறார். மிஞ்சியிருந்த இரண்டு பேரைக் கேட்டு எழுதுகிறாராம். காட்டோரத்தில் ஷெல் விழுந்தது. உடனே சாகவில்லை. உடலை எடுக்க முடியவில்லை. அந்த இடம் இப்போது அவர்கள் கையில் இல்லை. தன் பங்கு மாட்டிறைச்சி டின்னை மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு பிஸ்கட் வாங்குவானாம்.

பிறகு ஷரீப் ஒரு சொல்லில் தடைப்பட்டார். "இது ரஷ்யச் சொல் இல்லயே..." ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார். "அ... ப்... பா."

மெதுவாக மற்றதையும் சொன்னார். 'நமசிவாயம்' என்று கூப்பிட்டால் அவன் நெஞ்சைத் தொட்டு இல்லை என்று தலையாட்டி, "அப்பா, அப்பா" என்பானாம். அவர்களுக்குப் பாஷை விளங்கவில்லை. அதுதான் வீட்டில் கூப்பிடும் பெயர் என்று நினைத்து எல்லாரும் அவனை 'அப்பா' என்றே கூப்பிட்டார்களாம். பிறகு அவனும் சிரித்துக்கொண்டு அதற்கே ஓம் சொன்னானாம்.

சரோஜா எழும்பி உள்ளே போனாள். என்ர ஐயோ, அந்தச் சத்தத்தை நான் எப்பிடி எழுதிறது?

ஜூன் 27, வெள்ளி

படத்துக்கு மாலை போட்டது அவள்தான். ஐயரிடம் கதைத்தாயிற்று. உடல் இல்லாமலும் கிரியை செய்யலாமாம்.

மரண அறிவித்தல் கொடுக்கப் பத்திரிகை அலுவலகத்துக்குப் போனேன். 'அமரர் நமசிவாயம் மிதுஷன்' என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பிள்ளை, ஹமீமாவாம், பேனையைக் கையிலெடுத்தாள்.

"அங்கிள், இப்படிப் போட்டா தகப்பனும் மௌத்தானவர் மாதிரி ஆக்கள் வாசிப்பாங்க. 'அமரர்' எண்டத மிதுஷனுக்குக் கிட்டப் போடட்டா? தகப்பன் இருக்காரா?"

மாற்ற வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றேன்.