முன் கட்டம் எனக்கு, பின் கட்டம் உங்களுக்கு

அன்புள்ள அக்கா,

இன்று கறிவேப்பிலை சுற்றி வந்த ஈரத்தாளில் அச்சு மை மணந்தது. பிரித்தால், நம் எழுத்துப் புதிர். நடுவில் 'தலை', இரு பக்கமும் காலிக் கட்டம். முன்னால் 'மு' எழுதினேன், முதலை. பின்னால் 'மை' போட்டால் தலைமை. தெரிந்தும் கை அங்கே போகவில்லை. அது உங்கள் பக்கம்.

கறம்பக்குடி வீட்டுக்கு நீங்கள் மூத்த மருமகள், நான் இளையவள். விராலிமலை முருகனைப் பார்க்கப் போன வேனில் ஜன்னலோர சீட்டுக்காகச் சண்டை போட்டு, திரும்பி வந்தும் பேச்சில்லாமல் கிடந்தோம். சமையல் ஒரே அடுப்பில்தான் நடந்தது. உப்புப் போட்டாயிற்றா என்றுகூடக் கேட்டுக்கொள்ள மாட்டோம்.

வாரப் பத்திரிகைப் புதிருக்கு வீட்டுக்கு ஒரு கூப்பன்தான். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னோ பின்னோ ஓர் எழுத்துச் சேர்க்க வேண்டும். உள்ளே இருக்கும் எழுத்து மாறக் கூடாது. பாலோடு 'ம்' சேர்த்துப் பாலம் என்றால் செல்லாது, 'ல்' புள்ளியை இழந்துவிடுகிறதே. அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் கூப்பன் இருக்கும். விதையை நான் கவிதை ஆக்கினால், பணியை நீங்கள் பணிவு ஆக்கியிருப்பீர்கள். சொல்லி வைக்காமலே முன் கட்டம் எனக்கும் பின் கட்டம் உங்களுக்கும் ஆனது. ஒருமுறை 'வரம்' வந்தது. அவசரத்தில் 'ச' போட்டுச் சவரம் ஆக்கிவிட்டேன். முதுகைக் காட்டிக்கொண்டு மாவு பிசைந்த உங்கள் தோள் குலுங்கியது. அப்புறம் பார்த்தால் 'ச'வை அழித்து 'வி' போட்டு, விவரம் ஆக்கியிருந்தீர்கள்.

பிறகு 'இனி' வந்தது. நீங்கள் தொடவே இல்லை. அப்படியானால் என் பக்கம்தான் என்று, க முதல் ன வரை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். விளக்கேற்றும்போதுகூட அதே வேண்டுதல். கூப்பனைத் தபாலில் போட வேண்டிய காலையில் நீங்களே வாயைத் திறந்தீர்கள்.

"அது உயிரெழுத்துல ஆரம்பிக்குதுடி. முன்னாடி எதுவும் ஒட்டாது. பின்னாடி 'மை' போடு, இனிமை."

"அது ஒங்க கட்டம்ல? ஏன் போடாம வச்சிருந்தீங்க?"

"நீ வந்து கேப்பேன்னு பாத்தேன். நீ என்னடான்னா முருகனையே கேட்டுக்கிட்டு இருக்க."

இருவரும் சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது. தபால் போனதா என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

போன வாரம் என் மருமகள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கோயிலுக்கு அவள் வராததைப் பற்றி நான் ஏதோ சொல்லிவிட்டேன். புதிர்ப் பக்கத்தை விரித்து எல்லாவற்றையும் நிரப்பி, 'துணி'யை மட்டும் விட்டுவிட்டு யோசிப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். டீயோடு வந்தவள் பின்னால் நின்று பார்த்தாள்.

"இதுகூடவா தெரியல அத்தை? பின்னாடி 'வு' வரும். துணிவு."

"அப்புடியா ஆத்தா? நீயே போடு" என்று பென்சிலை நீட்டினேன்.